உடைந்த ஜாடிக்குப் பணமா, மாற்று ஜாடியா?

தண்டையார்பேட்டையில் வீட்டு முன்னறையை வைத்துக்கொண்டு பீங்கான் ஊறுகாய் ஜாடியும் உப்புக் கிண்ணமும் விற்கிறேன். வடக்கே குர்ஜாவிலிருந்து லாரியில் வரும் சரக்கைப் பாரிமுனை மொத்தக் கடையில் எடுத்து, தட்டிப் பார்த்துக் கழித்துவிட்டு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கித் தமிழ்நாட்டுக்குள் அனுப்புவது தொழில். பீங்கான் என்றால் உடையும். உடைந்தால் பணத்தைத் திருப்புவதா, இன்னொன்று அனுப்புவதா என்பதை ஒவ்வொரு முறையும் முடிவு செய்தாக வேண்டும். 2,000 ரூபாய்ப் பொருளாக இருந்தால் கூரியரோடு சண்டை போடலாம், உடைந்ததைத் திரும்ப வரவழைத்துப் பார்க்கலாம். 300 ரூபாய் ஜாடிக்கு அதெல்லாம் கட்டாது. திரும்பி வரும் பார்சல் செலவே ஜாடி விலையில் கால்வாசி. நான் அனுப்பும் கூரியரின் ரசீதுக்குப் பின்புறம் கண்ணாடி, பீங்கான் உடைந்தால் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் அச்சடித்தே கொடுத்துவிடுகிறார்கள். ஆக, செலவு நம் தலையில். அதை எந்த வழியில் செலவழிப்பது என்பதுதான் மிச்சம்.

சின்ன வியாபாரிகள் பலர் போடும் கணக்கு இப்படி இருக்கும்: “ஒரு ஜாடி போச்சு, பார்சல் காசு போச்சு. இன்னொண்ணு அனுப்பினா ரெண்டு ஜாடி, ரெண்டு பார்சல் காசு. அதுக்குப் பணத்தையே கொடுத்துத் தொலைச்சிடலாம்.” கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் உடைந்த ஜாடியும் அதற்குக் கட்டிய பார்சல் காசும் எந்த வழியில் போனாலும் திரும்பி வரப்போவதில்லை. இரண்டு பக்கத்திலும் ஒரே தொகை என்றால் அதைக் கணக்கில் எழுதவே வேண்டாம். இனிமேல் கையை விட்டுப் போகப்போகும் பணம் எவ்வளவு என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

என்னுடைய அரை லிட்டர் ஜாடியை எடுத்துக்கொள்வோம். விலை 320, பார்சல் 90, வாடிக்கையாளர் அனுப்புவது 410 ரூபாய். எனக்கு அந்த ஜாடி லாரி வாடகை, கழிவு எல்லாம் சேர்த்து 150-க்கு அடங்குகிறது. அட்டைப்பெட்டி, பப்புள் ராப், டேப் 35. பார்சல் 90. மொத்தம் 275. பணத்தைத் திருப்பினால் 410 போகும். மாற்று ஜாடி அனுப்பினால் 275 போகும். வித்தியாசம் 135 ரூபாய். இந்த 135 என்ன என்று பார்த்தால், ஒரு ஜாடி விற்றால் எனக்கு நிற்கும் லாபம் அதுவேதான்.

இது எந்தப் பொருளுக்கும் பொருந்தும். பணத்தைத் திருப்புவதைவிட மாற்று அனுப்புவது எப்போதும் ஒரு விற்பனையின் லாப அளவுக்கு மலிவு. அப்படியென்றால் எல்லாருக்கும் மாற்றே அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அனுப்பலாம், இரண்டாவதும் உடையாது என்றால்.

இரண்டாவதும் உடைந்தால் அதற்குமேல் மூன்றாவது அனுப்பும் தைரியம் எனக்குக் கிடையாது. வாடிக்கையாளருக்கும் வாங்கிக்கொள்ளும் பொறுமை இருக்காது. அப்போது 410-ஐக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், ஏற்கெனவே போன 275-க்கு மேல். மூன்று பேருக்கு மாற்று அனுப்பி அதில் ஒன்று உடைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறையும் 135 மிச்சம் பிடித்ததில் 405 ரூபாய் சேர்ந்தது. உடைந்த ஒன்றுக்கு 410 கொடுத்தேன். அவ்வளவுதான், கிட்டத்தட்ட சரிக்குச் சரி. ஆகவே இந்த ஜாடிக்கு எல்லைக்கோடு மூன்றில் ஒன்று. மாற்று உடையும் வாய்ப்பு அதற்குக் கீழே இருந்தால் மாற்று அனுப்பலாம், மேலே இருந்தால் பணத்தைக் கொடுத்துவிடலாம்.

அந்த மூன்றில் ஒன்று எங்கிருந்து வந்தது? 135-ஐ 410-ஆல் வகுத்தால் வருவது அது. அதாவது வாடிக்கையாளர் கொடுத்த மொத்தப் பணத்தில் நம் லாபம் எத்தனை சதவீதமோ அதுதான் எல்லை. இந்த ஒன்று பிடிபட்டால் புதுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் தனியாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. உப்புக் கிண்ணத்தைப் பாருங்கள். விலை 130, பார்சல் 70, ஆக 200. எனக்குக் கிண்ணம் 85, பேக்கிங் 25, பார்சல் 70, ஆக 180. நிற்பது 20 ரூபாய், பத்து சதவீதம். பத்து மாற்றுக் கிண்ணம் அனுப்பி 200 ரூபாய் மிச்சம் பிடித்து, அதில் ஒன்று உடைந்தால் அந்த 200-ம் போய்விடும். பத்தில் ஒன்று உடையாது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடிந்தால்தான் அனுப்பலாம். அதிலும் திரும்பப் பேக் பண்ணும் நேரம், முகவரி எழுதுவது, கூரியர் கடைக்கு நடப்பது, “வந்துதாக்கா?” என்று கேட்டுக்கொண்டிருப்பது எல்லாவற்றுக்கும் ஒரு 20 ரூபாய் போட்டாலே லாபம் தீர்ந்தது. கிண்ணம் ஒற்றையாகப் போய் உடைந்தால் நான் யோசிப்பதே இல்லை. பணம்தான்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. கையில் இருப்பது கடைசி ஜாடி, அதை வாங்க வேறு ஒருவர் காத்திருக்கிறார் என்றால் மாற்று ஜாடியின் செலவு 150 இல்லை. அதை மாற்றாக அனுப்பினால் அந்த விற்பனையும் 135 லாபமும் போகும். மிச்சம் பிடிக்க நினைத்த தொகை அங்கேயே அடிபட்டுவிடுகிறது. சரக்கு தீரும் நேரத்தில் பணத்தைத் திருப்புவதுதான் சுலபம்.

சரி, மாற்று உடையும் வாய்ப்பு எவ்வளவு என்று எப்படித் தெரியும்? மொத்தமாக நூறு பார்சலில் இத்தனை உடைகிறது என்ற கணக்கு இங்கே உதவாது. அது எல்லாப் பார்சலுக்குமான சராசரி. உடைந்துவிட்ட ஒரு பார்சல் நமக்குக் கூடுதலாக ஒன்று சொல்கிறது: இந்தப் பேக்கிங்கில், இந்த வழியில் அனுப்பினால் உடைய ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் இன்னும் அங்கேயே இருக்கிறதா, போய்விட்டதா என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் படம் கேட்கிறேன். சந்தேகப்படுகிறார்களோ என்று சிலர் முகம் சுளிப்பார்கள். “உங்கள நம்பாம இல்லம்மா, எப்படி ஒடஞ்சிருக்குன்னு பாத்தாதான் அடுத்தத ஒழுங்கா கட்ட முடியும்” என்று சொன்னால் தயங்காமல் அனுப்புவார்கள். பெட்டியின் வெளிப்பக்கம், திறந்ததும் உள்ளே ஜாடி உட்கார்ந்திருந்த விதம், உடைந்த விளிம்பு கிட்டத்தில். இது மூன்றும் போதும்.

போன மாங்காய் சீசனில் தேனிக்குப் போன ஒரு ஜாடியைச் சொல்கிறேன். படத்தில் பெட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. மூலை நான்கும் கூர்மையாக அப்படியே இருந்தன. ஜாடியின் உடம்பும் முழுசு. கழுத்தில் மட்டும் பிறை மாதிரி ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. மூடியின் உள்வளையத்தில் அதே உயரத்தில் ஒரு சில்லு. பெட்டி எங்கேயும் விழவில்லை, அல்லது விழுந்ததைத் தாங்கிவிட்டது. உடைத்தது வெளியே இருந்து வந்த அடி இல்லை. மூடியை ஜாடிமேலேயே வைத்துச் சுற்றியிருந்ததால் தேனி வரை வண்டி குலுங்கக் குலுங்க மூடி கழுத்தை உள்ளிருந்து இடித்துக்கொண்டே போயிருக்கிறது. மணி அடிக்கும் நாக்கு போல.

இப்படி ஒரு பார்சல் உடைந்தால் அதே மாதிரி கட்டி இன்னொன்று அனுப்புவது பணத்தைத் தெருவில் போடுவதற்குச் சமம். காரணம் நம் கட்டிலேயே இருக்கிறது. அதே சமயம் இந்தக் காரணத்தைத் தீர்ப்பது மலிவு: மூடியைத் தனியாக பப்புள் ராப்பில் சுற்றி, ஜாடியின் வாயில் ஒரு அட்டை வட்டம் வைத்து, அதன்மேல் மூடியைத் தலைகீழாக உட்கார வைக்க வேண்டும். கூடுதல் செலவு 5 ரூபாய். மாற்றுக்கு ஆகும் செலவு 280, எல்லைக்கோடு கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது, உடையும் வாய்ப்போ தரைமட்டத்துக்கு வந்துவிட்டது. மாற்றுதான் என்று உடனே முடிவாகிவிடும்.

ஆனால் ‘உடையாது’ என்று நாமாகச் சொல்லிக்கொண்டால் போதாது. மெருகில் புள்ளி விழுந்து கழித்த ஜாடி என்னிடம் எப்போதும் இரண்டு மூன்று கிடக்கும். அதில் ஒன்றைப் புது முறையில் கட்டி, கீழே போட்டுப் பார்த்துவிடுவேன். பார்சல் சோதனைக்கென்றே உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு முறை இருக்கிறது, இஸ்டா 1ஏ என்று பெயர். அதில் பெட்டியைக் கீழே போடும் பகுதி பத்து கிலோவுக்கு உட்பட்ட சின்னப் பெட்டிகளுக்குச் சொல்வது சுருக்கமாக இதுதான்: 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை போட வேண்டும். ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்பு, பிறகு ஆறு பக்கம். 76 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய சாப்பாட்டு மேசை உயரம். எங்கள் வீட்டுத் தரை சிமெண்ட். பேக்கிங்குக்கு உதவ வரும் பக்கத்து வீட்டு அக்கா முதன்முறை இதைப் பார்த்தபோது, “நல்லா இருக்கிற பொட்டிய எதுக்குடி போட்டு ஒடைக்கிற?” என்று பதறினார். இப்போது மூலையை எந்தப் பக்கம் திருப்பிப் போட வேண்டும் என்று அவரே சொல்கிறார். தேனி ஜாடிக்கான புதுக் கட்டு பத்து முறையும் தாங்கியது. மாற்று போய்ச் சேர்ந்து, அதில் ஊறுகாயும் போட்டுவிட்டார்கள்.

பெட்டியின் மூலை நசுங்கி, ஜாடி அந்த நசுங்கிய பக்கத்திலேயே உடைந்திருந்தால் கதை வேறு. பார்சல் எங்கோ விழுந்திருக்கிறது, அல்லது அதன்மேல் ஏதோ விழுந்திருக்கிறது. அது ஒருமுறை நடந்த விபத்து என்று எடுத்துக்கொண்டு மாற்று அனுப்பலாம். விழுந்தாலும் தாங்கும்படி அனுப்ப வேண்டும் என்று நினைத்தால் பெட்டியைப் பெரிதாக்க வேண்டும், அங்கேதான் காசு கடிக்கும். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். என் வழக்கமான பெட்டி 15-க்கு 15-க்கு 20. பெருக்கினால் 4,500, வகுத்தால் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். சுற்றிலும் கூடுதலாக இரண்டரை சென்டிமீட்டர் மெத்தை வைக்கலாம் என்று 20-க்கு 20-க்கு 25 பெட்டி எடுத்தால் வருவது 10,000, அதாவது 2 கிலோ. உள்ளே இருப்பது அதே ஜாடிதான். பார்சல் 90-லிருந்து 130-க்குப் போகிறது, பெட்டியும் பப்புள் ராப்பும் 50 ஆகிறது. இப்போது மாற்றுக்கு ஆகும் செலவு 330, மிச்சம் பிடிப்பது 80 மட்டும். எல்லைக்கோடு மூன்றில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றுக்கு இறங்கிவிட்டது. அவ்வளவு பெரிய பெட்டியில் போனது உடைவது ஐந்தில் ஒன்றைவிட எவ்வளவோ குறைவு என்பதால் ஜாடிக்கு இது இன்னும் கட்டுப்படியாகும். கிண்ணத்துக்குப் பெரிய பெட்டி என்ற பேச்சே எடுக்க முடியாது.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வரும் படங்கள் இன்னொரு ரகம். பெட்டி கிழிந்திருக்காது, நசுங்கியும் இருக்காது. ஆனால் தொய்ந்து, பக்கங்கள் உப்பி, டேப் விளிம்பில் பிரிந்திருக்கும். அட்டைப்பெட்டிக்குப் பலமே அதன் நடுவிலிருக்கும் நெளிவுத் தாள்தான். ஈரம் ஏறினால் அது தளர்ந்து, மேலே அடுக்கிய பார்சலின் பாரத்தைத் தாங்காது. மழை நேரடியாகப் படவே வேண்டாம், காற்றில் இருக்கும் ஈரமே போதும். எங்கள் பக்கம் கடற்காற்றில் வருஷம் முழுக்கவே அந்தப் பிரச்சினை உண்டு. சுவரோரம் அடுக்கி வைத்த பெட்டியை விரலால் அழுத்தினாலே குழி விழும். நவம்பரில் டி.எச். ரோட்டில் தண்ணீர் நின்று, வண்டி இரண்டு நாள் வராமல், பார்சல் யாரோ ஒருவர் கடையின் தரையில் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த ரகத்தில் காரணம் என் கட்டிலும் இல்லை, ஒருமுறை நடந்த விபத்தும் இல்லை. அது இன்னும் வெளியே பெய்துகொண்டிருக்கிறது. இன்றைக்கே மாற்று அனுப்பினால் அதே ஈரத்துக்குள்தான் போகும். பெட்டியைச் சுற்றி பிளாஸ்டிக் உறை போட்டால் ஓரளவு தாங்கும், ஆனால் தண்ணீரில் உட்கார்ந்தால் அதுவும் உதவாது. அதனால் மழை வலுத்திருக்கும் வாரங்களில், எல்லைக்கோடு எங்கே இருந்தாலும், பணத்தைத் திருப்பிவிட்டு “மழை விட்டதும் வேணும்னா சொல்லுங்க, எடுத்து வைக்கிறேன்” என்று சொல்லிவிடுகிறேன். சிலர் மறந்துவிடுவார்கள். சிலர் தை பிறந்ததும் கேட்பார்கள்.

கடைசி ரகம் கொஞ்சம் நுணுக்கம். பெட்டி நன்றாக இருக்கும், மூடியும் தனியாகத்தான் சுற்றியிருக்கும், ஆனாலும் ஜாடி நேர்கோடாகப் பிளந்திருக்கும். அப்போது விளிம்பைக் கிட்டத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். வழியில் உடைந்த பீங்கானின் விளிம்பு வெள்ளையாக, சொரசொரப்பாக, மினுக்கில்லாமல் இருக்கும். சூளையில் மெருகு உருகுவதற்கு முன்பே விரிசல் இருந்திருந்தால் அந்த விளிம்பின்மேல் மெருகு வழிந்து ஆறி வழவழப்பாகி, விளக்கில் பளபளக்கும். அது கூரியர் செய்த வேலை இல்லை, பிறவிக் கோளாறு. பாரிமுனையில் ஜாடி எடுக்கும்போது விரல் கணுவால் தட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். நல்ல ஜாடி ‘ணங்’ என்று இழுத்து ஒலிக்கும், விரிசல் விட்டது ‘டப்’ என்று செத்த சத்தம் போடும். ஆனால் கடைத்தெரு இரைச்சலில் இரண்டொன்று தப்பி வருவதுண்டு.

இங்கே மாற்று அனுப்புவதா என்பது அலமாரியில் மிச்சமிருக்கும் ஜாடிகளைப் பொறுத்தது. ஒரே லோடில் வந்தவற்றில் ஒன்றில் சூளை விரிசல் இருந்தால் இன்னும் சிலவற்றிலும் இருக்கலாம். இரவு தெரு அடங்கியபின் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஒலி சுத்தமாக இருப்பதை மட்டும் மாற்றாக அனுப்புவேன். பத்துக்கு மூன்று செத்த சத்தம் போட்டால் அந்த லோடிலிருந்து யாருக்கும் மாற்று கிடையாது. பணத்தைத் திருப்பிவிட்டு, ஜாடிகளை மொத்தக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவேன். அங்கே நடக்கும் பேச்சுவார்த்தை தனிக் கட்டுரை அளவுக்கு நீளும்.

இதுவரை சொன்னது என் பக்கத்துக் கணக்கு. வாங்கியவர் பக்கம் ஒரு தேதி இருக்கிறது, அது இந்தக் கணக்கையெல்லாம் ஒரு வரியில் தூக்கிப் போட்டுவிடும். மே மாதம் ஒரு அம்மா கூப்பிட்டு, “மாங்கா வெட்டி உப்பு போட்டாச்சும்மா, நாளைக்கு ஜாடில மாத்தணும், நீ அஞ்சு நாள் கழிச்சு அனுப்பி நான் என்ன செய்யறது?” என்றார். அவருக்கு எவ்வளவு நல்ல ஜாடி அனுப்பினாலும் அது ஐந்து நாள் கழித்து வரும் வெறும் ஜாடி. பணத்தை அந்த நிமிஷமே போட்டால் சாயங்காலத்துக்குள் அவர் ஊரிலேயே ஒன்றை வாங்கிக்கொள்வார். அதனால் படம் கேட்கும்போதே “எப்பத்துக்கு வேணும்?” என்பதையும் கேட்டுவிடுகிறேன். கல்யாணத் தாம்பூலத்துக்கு, கொலுவுக்கு, பிறந்தநாளுக்கு என்று வாங்கியிருந்தால் நாள் தாண்டியபின் வரும் மாற்று யாருக்கும் பிரயோஜனமில்லை.

சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2020-இல் வந்த இணைய வணிகத்துக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பழுதான பொருளைத் திரும்ப எடுக்கவோ அதற்கான பணத்தைத் திருப்பவோ விற்பவர் மறுக்கக் கூடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ரசீதில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் என்று எடுத்துக்கொள்கிறது. ‘மாற்று மட்டுமே, பணம் திருப்பப்படாது’ என்று பக்கத்தின் உச்சியில் எழுதி வைப்பவர்கள், பொருள் உடைந்து போய்ச் சேரும்போது அதைக் காட்டித் தப்பிக்க முடியாது. பெட்டி பிரிக்கும் வீடியோ இல்லையென்றால் ஒன்றும் கிடையாது என்பதும் அப்படித்தான், அந்த விதியில் வீடியோ என்று ஒரு நிபந்தனை கிடையாது. ஊறுகாய் ஜாடியைப் பிரிக்கும்போது யார் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்? பொய் சொல்லிப் பணம் கேட்பவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் 200 ரூபாய்க்காக ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு ஆகும் நேரம் அந்த 200-ஐவிட அதிகம். போன் நம்பரை நோட்டில் குறித்துக்கொள்கிறேன். அதே நம்பரிலிருந்து இரண்டாவது முறை வந்தால் நிதானமாகப் படம் பார்க்கிறேன்.

அதனால் என் கணக்கு மாற்று என்று சொன்னாலும் கேட்கும் விதம் இப்படி: “வேற ஒண்ணு நாளைக்கே அனுப்பிடறேன், நாலஞ்சு நாள்ல வந்துடும். இல்ல, பணம் வேணும்னாலும் இப்பவே போட்டுடறேன், எது வசதி?” மாற்றை முதலில் சொல்வதாலோ என்னவோ, அவசரமில்லாதவர்கள் பெரும்பாலும் அதற்கே சரி சொல்லிவிடுகிறார்கள். “உங்களுக்கு என்ன செய்யட்டும்?” என்று மொட்டையாகக் கேட்டால் அவர்களுக்கும் குழப்பம், நமக்கும் நாலு மெசேஜ் அதிகம். உடைந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்பதையும் கூடவே சொல்லிவிடுவேன். செய்தித்தாளில் நன்றாகச் சுற்றிக் குப்பையில் போடச் சொல்வேன், அள்ளுகிறவர்கள் கையைக் கிழிக்கும்.

பணம் திருப்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘ரீஃபண்ட்’ என்ற பெயரில் அவ்வளவு மோசடி நடந்துவிட்டதால் அந்தச் சொல்லைக் கேட்டாலே மக்கள் பயப்படுகிறார்கள், பயப்படுவதும் நியாயம். லிங்க் எதுவும் அனுப்பமாட்டேன், ஓடிபி கேட்கமாட்டேன், பணம் எந்த நம்பரிலிருந்து வந்ததோ அதே நம்பருக்கு யுபிஐயில் நேராகப் போடுவேன், நீங்கள் எதையும் தட்ட வேண்டியதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பேமெண்ட் கேட்வே வழியாக வாங்கிய பணம் என்றால் திருப்பியதும் கணக்கில் ஏறச் சில வேலை நாட்கள் ஆகும். நான் வைத்திருக்கும் கேட்வே முதலில் பிடித்த கட்டணத்தையும் திருப்பித் தராது, ஆனால் அதுவும் எந்த வழியில் போனாலும் திரும்பி வராத காசு என்பதால் எல்லைக்கோட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

மூடி மட்டும் உடைந்து வருவது அடிக்கடி நடக்கும். அப்போது முழு ஜாடியைப் பற்றிய கணக்கே வேண்டாம். ஜாடி உடைந்து மூடி மட்டும் மிஞ்சியவை என்னிடம் ஒரு கூடை நிறைய இருக்கின்றன. ஆனால் பீங்கான் சூளையில் சுருங்கும், ஒவ்வொரு ஜாடியின் வாயும் ஒரு நூல் முன்னே பின்னே இருக்கும். “வாய்க்குக் குறுக்கே ஸ்கேல வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க” என்று கேட்டு வாங்கி, பொருந்துகிற மூடியைத் தேடி அனுப்புவேன். 70 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சிலர் மூடி வேண்டாம், துணியால் வாயைக் கட்டிக்கொள்கிறேன், கொஞ்சம் குறைத்துக்கொள் என்பார்கள். 80 ரூபாய் திருப்புவேன். முழுப் பணமும்தான் வேண்டும் என்று சொன்னால் பேரம் பேசுவதில்லை.

கிண்ணத்தை ஒற்றையாக விற்பதை இப்போது நிறுத்திவிட்டேன். மூன்று சேர்ந்த செட்தான், 390, பார்சல் 90, ஆக 480. எனக்குக் கிண்ணங்கள் 255, பேக்கிங் 45, பார்சல் 90, மொத்தம் 390. நிற்பது 90, அதாவது எல்லைக்கோடு பத்தில் ஒன்றிலிருந்து ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு ஏறிவிட்டது. ஆனால் செட்டில் ஒரு கிண்ணம் மட்டும் உடைந்தால் கணக்கு தலைகீழாகிறது. அந்த ஒன்றுக்கு மாற்று அனுப்ப 85, 25, 70 என்று 180 ஆகும். அந்த ஒன்றின் விலையைத் திருப்பினால் 130. மாற்று எப்போதும் மலிவு என்று மேலே சொன்னது, திருப்பும் பணத்தில் பார்சல் காசும் சேர்ந்திருக்கும் வரைதான். செட்டில் ஒன்றுக்கு மட்டும் பணம் திருப்பும்போது பார்சல் காசு அதில் இல்லை, மாற்று அனுப்பினாலோ புதிதாக ஒரு பார்சல் காசு கட்ட வேண்டும். அதனால் முதலில் 130-ஐத் திருப்பட்டுமா என்றுதான் கேட்கிறேன். மூன்றும் ஒரே மாதிரி மேசையில் இருந்தாக வேண்டும் என்பவர்களுக்கு 50 ரூபாய் கூடுதலாகப் போனாலும் கிண்ணத்தையே அனுப்பிவிடுகிறேன். இரண்டு கிண்ணத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?